கேண்டீன் மேல் விழுந்த பழி

ஓ.எம்.ஆரில் இருக்கும் எந்தக் கால் சென்டரை எடுத்துக்கொண்டாலும், வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லோருடைய மெயிலுக்கும் ஒரு லிங்க் வரும். முப்பது நாற்பது வாக்கியங்கள் இருக்கும். ‘என் டீம் லீடர் என்னை மரியாதையாக நடத்துகிறார்’, ‘கேண்டீன் உணவு திருப்தியாக இருக்கிறது’, ‘ஷிஃப்ட் ரோஸ்டர் எனக்கு முன்கூட்டியே தெரிகிறது’, ‘அடுத்த வருடமும் இங்கேதான் வேலை பார்ப்பேன்’ என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘சிறிதும் இல்லை’ முதல் ‘முற்றிலும் சரி’ வரை ஐந்து வட்டங்கள். டீம் லீடர் நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே, “லாக் அவுட் பண்றதுக்குள்ள முடிச்சிடுங்கப்பா, நம்ம டீம் நூறு பெர்சென்ட் காட்டணும்” என்பார். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் வட்டங்கள் நிரம்பிவிடும்.

மூன்று வாரம் கழித்து எச்.ஆர். அறையில் ஒரு வண்ணப் படம் திரையில் விழும். ஆட்கள் ஏன் நிற்கிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதற்கான ‘முக்கியக் காரணிகள்’ உயரமான பட்டையிலிருந்து குட்டையான பட்டை வரை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நாம் பார்க்கப்போகும் மையத்தில் உயரமான பட்டை கேண்டீனுக்கு. சம்பளத்துக்குக் கடைசி இடம். நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். கேட்டரிங் காண்ட்ராக்டை மாற்றுவது சம்பளத்தைக் கூட்டுவதைவிட மலிவு. புது ஆள் வருகிறார், வெள்ளிக்கிழமை பிரியாணி வருகிறது. ஆட்கள் மட்டும் முன்பு போலவே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டைகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால் இதில் வியப்பே இருக்காது. ‘இங்கேயே இருப்பேன்’ என்ற வாக்கியத்துக்கு அதிக மதிப்பெண் போட்டவர்கள் வேறு எந்தெந்த வாக்கியங்களுக்கும் அதிகம் போட்டிருக்கிறார்கள் என்று கணினி பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் பட்டை உயரம். பள்ளிப் புள்ளியியலில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர். ஒட்டுறவு அதிகம் என்றால் அந்த இரண்டு பதில்களும் ஒன்றாக நடமாடுகின்றன என்று அர்த்தம். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது கூடவே வருமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்காமலேதான் பெரும்பாலான அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன.

நம்முடைய மையத்தில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் கொண்ட 24 டீம்கள். பாதிப் பேர் உள்நாட்டு வாடிக்கையாளர்களுக்காகப் பகலில் வேலை செய்கிறார்கள், மீதிப் பாதி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இரவில். கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக எண்களை நானே வைத்திருக்கிறேன். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் இதே வடிவத்தில்தான் வரும்.

கேண்டீன் நன்றாக இருக்கிறது என்றவர்கள் 300 பேர். அவர்களில் 192 பேர், அதாவது 64 சதவீதம், இங்கேயே இருப்பேன் என்கிறார்கள். நன்றாக இல்லை என்ற 300 பேரில் 138 பேர்தான் அப்படிச் சொல்கிறார்கள், 46 சதவீதம். பதினெட்டு சதவீதப் புள்ளி வித்தியாசம். பட்டை ஏன் அவ்வளவு உயரம் என்பது புரிகிறது.

இப்போது அதே தாள்களைப் பகல், இரவு என்று இரண்டு கட்டாகப் பிரிப்போம். பகல் ஷிஃப்டில் கேண்டீனைப் பாராட்டியவர்கள் 240, திட்டியவர்கள் 60. பாராட்டியவர்களில் 168 பேர் இருப்பேன் என்கிறார்கள், 70 சதவீதம். திட்டியவர்களில் 42 பேர், அதுவும் 70 சதவீதம். இரவு ஷிஃப்டில் தலைகீழ்: பாராட்டியவர்கள் 60, திட்டியவர்கள் 240. பாராட்டியவர்களில் 24 பேர் இருப்பேன் என்கிறார்கள், 40 சதவீதம். திட்டியவர்களில் 96 பேர், அதே 40 சதவீதம். ஒவ்வொரு ஷிஃப்டுக்குள்ளும் சாப்பாட்டுக்கும் வேலையில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கட்டையும் கலந்து எண்ணினால் மட்டும் எங்கிருந்தோ பதினெட்டு புள்ளி முளைக்கிறது.

முளைத்த இடம் இதுதான். கோடையில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே அலுவலகம் மூடும்வரை இங்கே போன் ஓய்வதில்லை. இரவு ஷிஃப்ட்காரருக்கு நள்ளிரவு தாண்டித்தான் சாப்பாட்டு பிரேக். அப்போது கேண்டீனில் இருப்பது மாலையில் சமைத்த சாம்பார் சாதமும் விறைத்துப்போன சப்பாத்தியும். அவர் கேண்டீனுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார். அதே ஆள் விடியற்காலையில் கேப்பில் வீட்டுக்குப் போய், தெருவில் பால்காரரும் ஸ்கூல் வேனும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது படுத்து, சொந்தக்காரர் கல்யாணங்களைத் தவறவிட்டு, ஒரு கட்டத்தில் வேலையை விடுகிறார். கெட்ட சாப்பாடும் வேலையை விடுவதும் இரவு ஷிஃப்ட் என்ற ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரண்டு கிளைகள். ஒரு கிளைக்கு மருந்தடித்தால் இன்னொரு கிளை தளிர்க்காது.

இரவில் சூடான சாப்பாடு போடக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. நள்ளிரவில் உழைப்பவருக்கு நல்ல சோறு போடுவதற்கு சர்வே எதற்கு? அட்ரிஷன் குறையும் என்று சொல்லி அதைப் போர்டு மீட்டிங்கில் விற்காமல் இருந்தால் போதும்.

பிரித்துப் பார்ப்பது எளிதாகத் தெரிகிறது. ஆனால் எதை வைத்துப் பிரிப்பது என்று கணினி சொல்லாது. ஷிஃப்ட், எந்த பிராசஸ், சேர்ந்து எத்தனை மாதம், வீடு எவ்வளவு தூரம் ஆகிய நான்கும் கால் சென்டரில் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருப்பவை. புகார் அழைப்பு எடுக்கும் பிராசஸில் தினம் முழுக்கத் திட்டு வாங்குபவரும், பேலன்ஸ் சொல்லும் பிராசஸில் இருப்பவரும் ஒரே கட்டிடத்தில் வேறு வேறு வேலை பார்க்கிறார்கள். இந்த நான்கையும் பிரித்த பிறகும் நிற்கும் ஒட்டுறவைத்தான் நான் இரண்டாவது தடவை பார்ப்பேன்.

அடுத்தது சம்பளத்தின் கடைசி இடம். இது கேண்டீனைவிடப் பெரிய அபத்தம், ஆனால் எளிதில் கண்ணில் படாது. ஒரு பிராசஸில் ஒரே நேரத்தில் சேர்ந்த ஏஜென்டுகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். இன்சென்டிவில் கொஞ்சம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் ஒரு விஷயம், இவர் ஏன் இருக்கிறார், அவர் ஏன் போனார் என்ற வித்தியாசத்தை விளக்கவே முடியாது. வித்தியாசம் இல்லாத இடத்தில் ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அதைப் பார்த்து ‘நம் ஆட்களுக்குப் பணம் பெரிதில்லை’ என்று எழுதும் அறிக்கைகள் இருக்கின்றன. பக்கத்துக் கட்டிடத்தில் இரண்டாயிரம் ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று தெரிந்த அன்று சம்பளத்தின் உண்மையான எடை தெரியும். அந்த எடை இந்த மையத்தின் தாள்களுக்குள் கிடையாது. பல மையங்களை ஒப்பிட்டாலோ, சம்பளம் மாறிய மாதத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தாலோதான் கிடைக்கும்.

டீம் லீடர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. ‘ஆட்கள் கம்பெனியை விட்டுப் போவதில்லை, மேலாளரை விட்டுத்தான் போகிறார்கள்’ என்று எல்லா ட்ரெயினிங் வகுப்பிலும் சொல்வார்கள். சர்வேயும் அப்படித்தான் காட்டும். டி.எல். நல்லவர் என்று போட்டவர்கள் இங்கேயே இருப்பேன் என்றும் போட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு பதிலும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே ஐந்து நிமிடத்தில் வந்தவை. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் கத்திவிட்டுப் போனை வைத்திருந்தால் எல்லா வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பெண் குறையும். முந்தின நாள் இன்சென்டிவ் வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்று கூடும். டி.எல்.லும் ஏறுவார், கேண்டீனும் ஏறும், எதிர்காலமும் ஏறும். மனநிலை என்ற ஒரே சாயம் எல்லாத் துணியிலும் ஏறியிருக்கிறது.

சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க ஒரு தந்திரம் உண்டு. வேலையில் நிற்பதோடு எந்தச் சம்பந்தமும் இருக்க நியாயமில்லாத ஒரு வாக்கியத்தை சர்வேயில் செருக வேண்டும். ‘லிஃப்ட் லாபியில் இருக்கும் அறிவிப்புப் பலகை பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பது போல. அதற்கும் ‘இங்கேயே இருப்பேன்’ என்பதற்கும் 0.25 என்று ஒட்டுறவு வந்தால், அந்த 0.25 சாயத்தின் அளவு என்று ஏறக்குறைய எடுத்துக்கொள்ளலாம். டி.எல். வாக்கியம் 0.30 காட்டினால் அதில் சொந்தச் சரக்கு கொஞ்சம்தான். 0.55 காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது.

இன்னொரு வழி, ஒருவருடைய வாயிலிருந்தே இரண்டு பக்கத்தையும் வாங்காமல் இருப்பது. ஒரு டீமில் 25 பேர். அதில் ஒரு பெண் வேலையை விட்டாரா இல்லையா என்பதை அவர் பதிலிலிருந்து எடுக்காமல், ஆறு மாதம் கழித்து ஹெச்.ஆர். பதிவேட்டிலிருந்து எடுக்கிறோம். அவருடைய டி.எல். எப்படிப்பட்டவர் என்பதையும் அவரிடம் கேட்காமல், மீதி 24 பேர் போட்ட சராசரியிலிருந்து எடுக்கிறோம். இப்போது இவருடைய அன்றைய மனநிலை இரண்டு பக்கத்திலும் இல்லை. அப்படியும், மற்றவர்கள் குறைவாக மதிப்பிட்ட டி.எல்.களின் கீழே அதிகம் பேர் போயிருந்தால் அந்தத் தொடர்பை நம்பத் தொடங்கலாம். முழுதாக நம்ப முடியாது. மோசமான பிராசஸை வாங்கிக்கொண்ட டி.எல்.லுக்கு 24 பேரும் சேர்ந்துதான் குறைவாகப் போடுவார்கள்.

இதைச் செய்ய சர்வே பதிலையும் பதிவேட்டையும் ஆள் வாரியாகக் கோக்க வேண்டும். அங்கேதான் பயம் வருகிறது. பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டு எம்ப்ளாயீ ஐ.டி. போட்டு லாகின் செய்யச் சொன்னால், ஏஜென்டுகள் முட்டாள்கள் இல்லை, எல்லாவற்றுக்கும் நான்கு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கோக்கும் சாவி வெளி நிறுவனத்திடம் மட்டும் இருக்க வேண்டும், பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் சராசரியும் யாருக்கும் காட்டப்படாது, இவை இரண்டையும் சர்வேயின் முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ஒரு தடவை ஒரு டி.எல். “என் டீம்ல ரெண்டு போட்டது யாருப்பா?” என்று கேட்டுவிட்டால், அந்த ஃப்ளோரில் அடுத்த சில சர்வேக்கள் வீண்.

மனநிலைதான் எல்லாவற்றையும் கலங்கடிக்கிறது என்றால், மனநிலை வேலையையே மாற்றுகிறதா, அல்லது வேலை நன்றாகப் போனதால் மனநிலை நன்றாக இருக்கிறதா? விற்பனை அழைப்பு எடுப்பவருக்கு இது கோழியா முட்டையா கேள்வி. நாலு சேல் விழுந்த வாரம் யார்தான் சிரித்த முகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்? பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் 11 கால் சென்டர்களில் பெல்லே, டி நெவ், வார்டு என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அவிழ்த்த விதம் எனக்குப் பிடித்தமானது. ஆறு மாதத்துக்கு வாரா வாரம் விற்பனை ஏஜென்டுகளுக்கு ஒரு மெயில் போனது. இந்த வாரம் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு ஐந்து முகப் படங்கள், ஒன்றைத் தட்ட வேண்டும். அந்தப் பதிலையும் அதே வார விற்பனையையும் சேர்த்தார்கள். ஒட்டுறவு இருந்தது. எது முன்னால், எது பின்னால் என்றுதான் தெரியவில்லை.

அதற்கு அவர்கள் வானிலையைப் பிடித்தார்கள். மழையும் மூட்டமுமான வாரத்தில் ஆட்கள் கொஞ்சம் சோர்ந்துபோகிறார்கள், ஜன்னல் அதிகமுள்ள கட்டிடத்தில் இன்னும் அதிகமாக. ஆனால் அழைப்புகள் நாடு முழுவதிலிருந்தும் வந்து எந்த மையத்துக்கு வேண்டுமானாலும் போகின்றன. ஏஜென்டின் ஊரில் மழை பெய்வதால் மறுமுனையில் இருக்கும் வாடிக்கையாளர் நனைவதில்லை. ஏஜென்ட் விற்றதாலும் மழை வருவதில்லை. ஆக, மேகம் மனநிலையைத் தொட்டு அதன் வழியாக மட்டுமே விற்பனையைத் தொட முடியும். அந்த வழியாகப் பார்த்தபோதும் சந்தோஷம் விற்பனையைக் கூட்டுவது தெரிந்தது. வேலை நேரம் கூடவில்லை. அதே நேரத்தில் எடுத்த அழைப்புகளும், அவற்றில் விற்பனையாக மாறியவையும் கூடின. எல்லா மையத்துக்கும் இப்படி ஒரு மழை கிடைக்காது. ஜன்னலே இல்லாத ஃப்ளோர்களில் ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்கு வெளியே பகலா இரவா என்பதே தெரியாது.

இதுவரை பார்த்தவை எல்லாம் இல்லாத காரணத்தை இருப்பதாகக் காட்டும் தவறுகள். இருக்கும் காரணத்தை அழித்துவிடும் தவறும் உண்டு. கெட்டிக்காரர்கள்தான் அதை அதிகம் செய்கிறார்கள்.

ரோஸ்டரை எடுத்துக்கொள்வோம். சில டீம்களுக்கு அடுத்த வார ஷிஃப்டும் வீக் ஆஃபும் வெள்ளிக்கிழமை இரவுதான் வாட்ஸ்ஆப் குரூப்பில் வரும். வேறு சில டீம்களுக்கு இரண்டு வாரம் முன்பே தெரியும். கடைசி நேரத்தில் தெரியும் டீம்களில் அதிகம் பேர் வேலையை விடுகிறார்கள். ஷிஃப்டையும் பிராசஸையும் பிரித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் நிற்கிறது. இப்போது ஒரு ஆய்வாளர் வருகிறார். எல்லாவற்றையும் சமன் செய்துவிட்டால் கணக்கு இன்னும் சுத்தமாகும் என்று நினைத்து, ‘எனக்குப் போதிய தூக்கம் இருக்கிறது’, ‘வேலை முடியும்போது முற்றிலும் களைத்துப்போகிறேன்’ என்ற வாக்கியங்களையும் சமன்பாட்டுக்குள் போடுகிறார். ரோஸ்டரின் பட்டை சட்டென்று சரிந்து தரையைத் தொடுகிறது. ‘பிரச்சினை களைப்புதான், ரோஸ்டருக்கு அதில் பங்கில்லை’ என்று எழுதி, தியான வகுப்பு வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நடந்தது என்ன? ரோஸ்டர் தாமதமாக வருவதால்தான் தூக்கம் கெடுகிறது, அந்தத் தூக்கக் கேட்டால்தான் களைப்பு, களைப்பால்தான் ராஜினாமா. ரோஸ்டரின் பாதிப்பு பயணிக்கும் பாதையே தூக்கம்தான். ஒரே அளவு தூங்கியவர்களை மட்டும் எடுத்து ஒப்பிடும்போது, அந்தப் பாதையைக் கல் போட்டு அடைத்துவிட்டு, ‘வண்டி ஒன்றும் வரவில்லையே’ என்று கேட்கிறோம்.

கேண்டீன் கதையில் ஷிஃப்டைப் பிரித்தது சரி, ரோஸ்டர் கதையில் தூக்கத்தைப் பிரித்தது தப்பு. கணினிக்கு இரண்டும் ஒரே வேலை. பொத்தானும் ஒன்று, வெளியே வரும் அட்டவணையும் ஒன்று. எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. எது முன்னால் நடந்தது என்று தெரிந்த ஆள் சொல்ல வேண்டும். ஷிஃப்ட், ஒருவர் கேண்டீனில் முதல் கவளம் வாயில் வைப்பதற்கு முன்பே முடிவானது. தூக்கம், ரோஸ்டர் வந்த பிறகு கெட்டது. அதனால் கணக்குப் போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் எது எதைத் தொடுகிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்து, அதை ரோஸ்டர் போடும் ஒர்க்ஃபோர்ஸ் டீம்காரரிடமும் ஒரு பழைய டி.எல்.லிடமும் காட்டிக் கேட்பது நல்லது. ஒரு மதியம் போதும். ஆனால் இதற்கு நேரம் ஒதுக்கும் மையங்கள் குறைவு.

சர்வேயில் இல்லாதவர்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கால் சென்டரில் பெரும்பாலானோர் விலகுவது முதல் சில மாதங்களில், ட்ரெயினிங் முடிந்து ஃப்ளோருக்கு வந்ததும். ஜூனில் சேர்ந்து செப்டம்பரில் போனவருக்கு ஜனவரியில் வரும் லிங்க் போய்ச் சேராது. மிஞ்சி இருப்பவர்களைக் கேட்டால், பழைய ஆட்கள் அதிக திருப்தியோடு இருப்பதாகத்தான் தெரியும். நாளாக நாளாகத் திருப்தி வளர்ந்தது என்று அதைப் படிப்பது தவறு. திருப்தி இல்லாதவர்கள் பட்டியலிலேயே இல்லை. முதல் நாள், முப்பதாவது நாள், தொண்ணூறாவது நாள் என்று சேர்ந்த தேதியிலிருந்து எண்ணிக் கேட்டால் இந்த ஓட்டை ஓரளவு அடைபடும்.

இவ்வளவு சலித்த பிறகும் ரோஸ்டர் ஒன்று மிஞ்சுகிறது என்றால், இனி செய்ய வேண்டியது ஒன்றை மாற்றிப் பார்ப்பதுதான். கால் சென்டர் இதற்குத் தோதான இடம். ஒரே மாதிரி வேலை, நூற்றுக்கணக்கான ஆட்கள், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பதிவு. ஷாங்காயில் சீட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜேம்ஸ் லியாங், அப்போது ஸ்டான்ஃபோர்டில் முனைவர் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து, வீட்டிலிருந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்று 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் சோதித்தார்கள்.

யாருக்கு விருப்பம் என்று கேட்டதில் சுமார் பாதிப் பேர் கை தூக்கினார்கள். நீண்ட தூரம் பயணம் செய்து அலுவலகம் வருபவர்கள் அவர்களில் அதிகம். விருப்பம் தெரிவித்தவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டிருந்தால் நம் கேண்டீன் கதைதான். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கை தூக்கியவர்களில் தனி அறை, இணைய வசதி, ஆறு மாத அனுபவம் எல்லாம் உள்ள 249 பேரைத் தேர்ந்து, பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். பிறந்த தேதிக்கும் உழைப்புக்கும் வீட்டுத் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. பிறகு தெரியும் வித்தியாசத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்தது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. அதில் 9 சதவீதம், பிரேக்கும் சிக் லீவும் குறைந்து அதிக நிமிடம் வேலை செய்ததால். மீதி 4 சதவீதம், நிமிடத்துக்கு அதிக அழைப்பு எடுத்ததால். வேலையை விடுபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள், திருப்தியும் கூடியது. அதே திறமை காட்டியும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது என்பது கூடவே வந்த கசப்பு. சர்வேக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்து நடந்தது. சோதனை முடிந்து எல்லோருக்கும் விருப்பம் கொடுத்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து அலுத்தவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். தங்களுக்கு எது சரிப்படும் என்று தெரிந்து தேர்ந்தெடுத்த பிறகு பலன் 22 சதவீதமாக ஏறியது. சோதனைக்கு முன் எடுத்த எந்த விருப்பக் கணக்கெடுப்பும் அந்தப் பாதிப் பேரைத் தவறாகத்தான் எண்ணியிருக்கும்.

நம் மையத்தில் ரோஸ்டரைச் சோதிக்க ஆள் வாரியாகக் குலுக்க முடியாது. ஒரே டீமில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே சொல்லி, மீதிப் பேருக்குச் சொல்லாமல் வைத்தால் டீ பிரேக்கிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். டீம் டீமாகக் குலுக்க வேண்டும். பகல் டீம்கள் 12இல் 6, இரவு டீம்கள் 12இல் 6 என்று எல்லோர் முன்னிலும் சீட்டு எடுத்து, அவற்றுக்கு மூன்று வாரம் முன்பே ரோஸ்டர் தருவோம். ‘பாவம், அந்த டீம் ரொம்பக் கஷ்டப்படுது, அதுக்கு முதல்ல குடுங்க சார்’ என்று யாராவது கேட்பார்கள். கொடுத்தால் சீட்டுக் குலுக்கலுக்கு அர்த்தம் போய்விடும்.

மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிற மையம் என்று வைத்தால், பழைய ரோஸ்டரில் இருக்கும் 300 பேரில் மூன்று மாதத்தில் ஏறக்குறைய 45 பேர் போயிருப்பார்கள். புது ரோஸ்டரில் 30 பேர் போனார்கள் என்று வருகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று இந்த இடத்தில் இனிப்பு வாங்கக் கூடாது. 300 பேரில் பதினைந்து பேர் வித்தியாசம், அதுவும் டீம் டீமாகச் சேர்ந்து போகும் பழக்கமுள்ள இடத்தில், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே வரக்கூடியது. ஆறு மாதம் ஓடவிட்டு 80-க்கு 53 என்று வந்தால் அது வேறு விஷயம்.

அதிர்ஷ்டமா இல்லையா என்று பார்க்கப் பெரிய சூத்திரம் தேவையில்லை. 24 டீம்களின் பெயரையும் சீட்டில் எழுதி, பகல் சீட்டுகளைத் தனியாகவும் இரவு சீட்டுகளைத் தனியாகவும் கலைத்து, உண்மையான குலுக்கலில் எடுத்தது போலவே ஆறு ஆறாக எடுத்து, ‘இவைதான் புது ரோஸ்டர் டீம்கள்’ என்று பொய்யாக வைத்துக்கொண்டு வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கணினியில் இதை ஆயிரம் தடவை செய்ய ஒரு நிமிடம் ஆகாது. பொய்க் குலுக்கல் ஆயிரத்தில் 200 தடவை இதே அளவு வித்தியாசம் வந்தால், நம் முடிவு ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து தடவைதான் வருகிறது என்றால் ரோஸ்டருக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறது.

அப்போதும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். புதிதாக ஏதோ செய்கிறார்கள், நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே ஆட்கள் கொஞ்ச நாள் நின்றிருக்கலாம். அப்படியென்றால் வித்தியாசம் முதல் இரண்டு மாதத்தில் பெரிதாகத் தெரிந்து, பிறகு தேயும். ரோஸ்டரே காரணம் என்றால் தூக்கம் பற்றிய பதில்கள் முதலில் மாறி, களைப்பு அடுத்து மாறி, விலகல் கடைசியில் குறையும். முன்பு சமன்பாட்டுக்குள் போட்டுக் கெடுத்தோமே, அந்தத் தூக்க வாக்கியத்தை மாதாமாதம் கேட்டு வைத்திருந்தால் இப்போது அதுதான் சாட்சி. ஏழாவது மாதத்தில் மிச்சமுள்ள 12 டீம்களுக்கும் அதே ரோஸ்டரைக் கொடுக்கலாம். அவற்றிலும் தூக்கம், களைப்பு, விலகல் என்று அதே வரிசையில் எண்கள் நகர்கின்றனவா என்று பார்க்க இன்னும் நான்கைந்து மாதமாவது ஆகும். அதற்குள் அடுத்த வருட சர்வே லிங்க் மெயிலுக்கு வந்திருக்கும்.